"ஏங்க... இதைக் கேளுங்களேன்!"

செவ்வாய்க்கிழமை இரவு எட்டேகால் மணி. வங்கியிலிருந்து வந்த என் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கும் லிஃப்ட் வேலை செய்யலைங்க."

நான் சோபாவில் கைபேசியும் கையுமாக இருந்தேன். "ம்" என்றேன்.

பையை நாற்காலியில் மாட்டினாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். "மத்தியானம் ரெண்டு மணி நேரம் சர்வர் டவுன். கூட்டம் வாசல் வரைக்கும் நின்னுது."

"எல்லா பேங்க்லயும் இதே கதைதான்" என்றேன், தலையைத் தூக்காமலே.

அவள் அடுக்களைக்குள் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்து மாவுப் பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே ஒரு நீண்ட பெருமூச்சும் கேட்டது. எனக்கு அது நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு அடுக்களையிலிருந்து பேச்சு எதுவும் வரவில்லை. தோசை வந்தது, சட்னி வந்தது. இருபது நிமிடம் கழித்து, "ஏன் உம்முன்னு இருக்க?" என்று நானே கேட்டேன். "ஒண்ணுமில்லையே" என்றாள்.

எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசாரச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் அவள் என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். ஒருமுறை லிஃப்ட்டைச் சொல்லி, ஒருமுறை சர்வரைச் சொல்லி, ஒருமுறை எதையும் சொல்லாமல். மூன்று முறையும் நான் போகவில்லை.

இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கூப்பிடல்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். கணவன் மனைவியைப் பற்றி நாம் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய அபிப்பிராயம். இவர் சொல்வது அப்படிப்பட்டதில்லை. கேமரா வைத்துப் பார்த்துச் சொன்னது.

கால்வாயைப் பார்த்த வீடு

சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1990களில் அங்கே காட்மன் ஒரு சிறிய அடுக்ககத்தையே ஆய்வுக்கூடமாக மாற்றினார். படுக்கை, சமையலறை, தொலைக்காட்சி என்று எல்லாம் உள்ள சாதாரண வீடு. சுவரில் கேமராக்கள் இருந்தன. பெரிய ஜன்னல் வழியாகப் பார்த்தால் கால்வாய் தெரியும், படகுகள் போகும். தம்பதிகள் அங்கே ஒரு நாள் தங்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எப்படி இருப்பீர்களோ, அப்படியே இருங்கள். சமைக்கலாம், பேப்பர் படிக்கலாம், டிவி பார்க்கலாம்.

படம்பிடித்ததைப் பார்க்க உட்கார்ந்தபோது முதலில் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். காதல் வசனமோ பெரிய சண்டையோ அதிகம் இல்லை. ஜன்னலோரம் நின்றவர் "அந்தப் படகைப் பாரேன்" என்கிறார். மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறார், அல்லது பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறார், அல்லது "படிச்சிட்டு இருக்கேன்ல, சும்மா இருக்க மாட்டியா" என்று சுள்ளென்று விழுகிறார். நாள் முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடந்தது. விஷயம் இதில்தான் இருக்கிறது என்று காட்மனும் அவருடைய மாணவி ஜானிஸ் டிரைவரும் கண்டுகொண்டார்கள்.

படகைப் பார் என்று சொல்பவருக்குப் படகு முக்கியமில்லை. "நீ இருக்கிறாயா? என்னோடு ஒரு நிமிடம் வருகிறாயா?" என்பதுதான் அதன் உள்பொருள். காட்மன் இதற்கு வைத்த ஆங்கிலப் பெயரை நான் தமிழில் அழைப்பு என்றே சொல்கிறேன். அழைப்புக்கு வரும் பதில்களை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். அந்த மூன்றுக்கும் தமிழில் நாம் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. முகம் கொடுப்பது, பாராமுகமாக இருப்பது, எரிந்து விழுவது. "முகம் கொடுத்துக்கூடப் பேசலை" என்று நம் வீட்டுப் பெண்கள் வருத்தத்தோடு சொல்வார்களே, அந்த ஒரு வாக்கியத்துக்குள் இந்த ஆராய்ச்சியின் பாதி அடங்கியிருக்கிறது.

காட்மனின் புதுமணத் தம்பதிகள் ஆய்வில் 130 ஜோடிகள் இருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தபோது, 17 ஜோடிகள் விவாகரத்து வாங்கியிருந்தார்கள். பழைய பதிவுகளை வைத்து அவர் தரும் கணக்கு இது: சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 100 அழைப்புகளில் சுமார் 86-க்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33-க்குத்தான்.

இந்த எண்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 17 ஜோடி என்பது சிறிய தொகை. எல்லோரும் அமெரிக்கர்கள், அதிலும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். இன்னொன்றும் உண்டு. முகம் கொடுக்காததால் பிரிந்தார்களா, மனம் ஏற்கெனவே விலகிவிட்டதால் முகம் கொடுக்கவில்லையா என்பதை இந்தக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 86 என்ற எண்ணில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அது 100 இல்லை. நன்றாக வாழ்கிறவர்களும் நூற்றுக்குப் பதினாலு முறை கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். யாராலும் எல்லா அழைப்புக்கும் ஓடிப்போக முடியாது.

இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை

நான் படித்ததிலேயே என்னை அதிகம் உறுத்தியது விவாகரத்துக் கணக்கு இல்லை. 2001-இல் ஜோன் டிக்ளேரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் காட்மன் ஒரு செய்தி சொல்கிறார். ஓர் அழைப்பு கவனிக்கப்படாமல் போனால், கூப்பிட்டவர் அதே விஷயத்துக்கு மறுபடி கூப்பிடுவது மிக அபூர்வம். நல்ல தாம்பத்தியத்திலேயே ஐந்தில் ஒரு முறைதான் அது நடக்கிறது. பிரிவை நோக்கிப் போகும் தம்பதிகளிடம் அநேகமாக நடப்பதே இல்லை.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாராமுகமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கைபேசியில் ஏதோ செய்தி, மனசில் நாளைய வேலை, அவ்வளவுதான். அவசரமாக இருந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறார். கூப்பிட்டவரோ, இவருக்கு இதில் ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார். ஒருவருக்குத் தான் எதையோ தவறவிட்டதே தெரியாது. இன்னொருவர் தான் நிறுத்திவிட்டதைச் சொல்லமாட்டார். அன்று இரவு அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு எங்கள் அடுக்களையில் நடந்தது இதுதான்.

மாதக்கணக்கில் இப்படியே போனால் வீடு அமைதியாகிவிடும். சாப்பாடு நேரத்துக்கு வரும், பிள்ளையின் ஃபீஸ் கட்டப்படும், கல்யாணங்களுக்கு ஜோடியாகப் போய்வருவார்கள். "அவ எதுக்கும் குறை சொல்ல மாட்டா, அனுசரிச்சுப் போறவ" என்று ஊரும் சொல்லும். அனுசரிப்பு என்று நாம் மெச்சுவதில் ஒரு பகுதி, கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன மௌனம் என்று நான் நம்புகிறேன். கணவன்மார்களிலும் இப்படி அலுத்து அடங்கியவர்கள் இருக்கிறார்கள். அலுவலக விஷயத்தை வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டு, டீக்கடையில் மட்டும் பேசுகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

அழைப்பை அடையாளம் கண்டுகொள்வது நம் வீடுகளில் அத்தனை சுலபமில்லை. "என்கூடக் கொஞ்ச நேரம் உட்காருங்க" என்று நேராகச் சொல்லும் வழக்கம் நமக்குக் குறைவு. மாமனார் மாமியார் இருக்கும் கூடத்தில் எதைத்தான் நேராகச் சொல்வது? அதனால் அழைப்பு வேறு உருவத்தில் வரும். முருங்கைக்காய் விலையாக வரும். "இந்தச் சட்டை எனக்கு டைட்டா இருக்கா?" என்று வரும். வண்டி டயரில் காற்று இறங்கியதை மத்தியானம் போன் போட்டு மனைவியிடம் சொல்லும் கணவருக்கு, அவள் ஒன்றும் பஞ்சர் ஒட்டப்போவதில்லை என்று தெரியும். அவர் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது அவளுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த போன். காபியை வைத்துவிட்டு உடனே போகாமல் அரை நிமிடம் நிற்பதும் அழைப்புதான். "அப்பாகிட்ட சொல்லு, அம்மாவுக்குத் தலை வலிக்குதாம்" என்று குழந்தையின் வாய் வழியாக வருவதும் அழைப்புதான்.

ரொம்ப நாள் கவனிக்கப்படாத அழைப்பு புளித்துப்போய்ப் புகாராகவும் வரும். "நான் சொல்றதை நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?" என்ற கேள்விக்குத் தேதி வாரியாகப் பதில் சொல்லத் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். அதற்குள்ளும் "இப்போதாவது கேளுங்கள்" என்ற அழைப்பு இருக்கிறது. "சரி, இப்ப சொல்லு, கேக்குறேன்" என்பது அதற்குப் போதுமான பதில்.

பதில் சொன்னேனே, பிறகென்ன?

பதில் வராததைக்கூடப் புரிந்துகொள்ளலாம். பதில் வந்தும் பேச்சு செத்துப்போகும் இடங்கள்தான் கவனிக்கப்பட வேண்டியவை. அந்தச் செவ்வாய்க்கிழமையையே மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

லிஃப்ட்டுக்கு நான் சொன்ன "ம்" ஒரு பதில்தான். டிரைவரும் காட்மனும் போட்ட பட்டியலில்கூட இப்படிப்பட்ட அரைகுறைப் பதில்களுக்கு, முகம் கொடுத்ததிலேயே கடைசி வரிசையில் ஓர் இடம் உண்டு. ஆனால் கண் கைபேசியில் இருக்க, வாய் மட்டும் சொல்லும் "ம்" யாரையும் ஏமாற்றாது. அதற்கு மேல் நான் சர்வருக்குச் சொன்னது இன்னும் மோசம். "எல்லா பேங்க்லயும் இதே கதைதான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னது அவளுடைய இன்றைய மத்தியானம். நான் அதைப் பிடுங்கி ஊர்ப்பொதுவாக்கி மூடிவிட்டேன். அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்?

இதே ஜாதியில் இன்னும் சில பதில்கள் இருக்கின்றன. "அப்ப மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ண வேண்டியதுதானே" என்பது யோசனை, ஆனால் அவள் யோசனை கேட்கவில்லை. "உனக்காவது ரெண்டு மணி நேரம், எனக்கு நாள் பூரா" என்பது அவள் பேச்சை நம் பக்கம் இழுத்துக்கொள்வது. "லிஃப்ட் நேத்து சாயங்காலமே ரிப்பேர் பண்ணிட்டாங்களே" என்பது தகவல் திருத்தம். சொல்பவருக்கு இவை எல்லாமே அக்கறையான பதில்களாகத்தான் தோன்றும்.

இவற்றைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நம் பதிலுக்குப் பிறகு எதிரில் இருப்பவர் அடுத்த வாக்கியம் பேசுகிறாரா என்று பார்ப்பேன். பேசினால் கதவு திறந்தது. "ம், சரி" என்று எழுந்து போனால் நாம் மூடிவிட்டோம்.

திறக்கும் பதிலுக்குப் பத்து விநாடிகூட ஆகாது. கண்ணைத் தூக்கிப் பார்ப்பது. அவர் சொன்னதிலிருந்தே ஒன்றை எடுத்துத் திருப்பிச் சொல்வது. முடிந்தால் ஒரு கேள்வி. பெருமூச்சாக இருந்தால் கேள்விகூட வேண்டாம், எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றால் போதும்.

நிஜமாகவே முடியாத நேரங்களும் இருக்கின்றன. கணக்கு முடித்துக்கொண்டிருப்போம், போனில் மேலதிகாரி இருப்பார். அப்போது "பத்து நிமிஷம் குடும்மா, இதை முடிச்சிட்டு வர்றேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாலே அது முகம் கொடுத்ததுதான். ஆனால் பத்தாவது நிமிடம் நாம்தான் போய் "என்னமோ சொல்ல வந்தியே" என்று கேட்க வேண்டும். அவர் மறுபடி ஆரம்பிப்பார் என்று காத்திருக்கக் கூடாது. ஐந்தில் நான்கு முறை ஆரம்பிக்க மாட்டார்கள் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

இத்தனை சிறிய விஷயம் ஒரு வீட்டை எப்படித் தாங்கும் என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். டிரைவரும் காட்மனும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு ஒரு தடயம் தருகிறது. 49 புதுமணத் தம்பதிகள் இரவு உணவு சாப்பிடும் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே தம்பதிகள் தங்களுக்குள் தீராத ஒரு பிரச்சினையைப் பற்றி வாக்குவாதம் செய்யும் பதினைந்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் விளையாட்டாகச் சீண்டிக்கொண்டும், கூப்பிட்டால் ஆர்வமாகத் திரும்பியும் இருந்தவர்கள், வாக்குவாதத்தின் நடுவிலும் சிரிப்பையும் பிரியத்தையும் இழக்காமல் இருந்தார்கள். காரணம் எனக்கு இப்படித்தான் படுகிறது: காலையில் சட்டையைப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்து பார்த்த மனிதர், இரவு கோபத்தில் ஒரு சொல் சொன்னால் "ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறார்" என்று விட முடியும். நாள் முழுக்கத் திரும்பியே பார்க்காதவர் அதே சொல்லைச் சொன்னால், அது எத்தனையோ நாள் கணக்கோடு சேர்ந்துகொள்ளும். சண்டை வந்த பிறகு சாமர்த்தியமாகப் பேசக் கற்றுக்கொள்வதைவிட, சண்டை இல்லாத நேரத்தில் படகைப் பார்ப்பது முக்கியம்.

காட்மன் தன்னைப் பற்றியே ஒன்று சொல்லியிருக்கிறார். ஓர் இரவு துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கங்களில் இருந்தார். கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல். இடையில் குளியலறைப் பக்கம் போனவர், கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி ஜூலியின் முகம் வாடியிருப்பதைப் பார்த்தார். பேசாமல் திரும்பிப்போய் நாவலை முடித்திருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போய் மனைவியின் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டு, என்ன வருத்தம் என்று கேட்டார். ஜூலி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. முகம்தான் சொன்னது.

எல்லாக் கூப்பிடலும் அழைப்பில்லை

இதை எழுதும்போது ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. "நான் கூப்பிட்டதும் ஏன் வரலை?" என்று கையை ஓங்குகிறவரும், அரைமணிக்கு ஒருமுறை எங்கே இருக்கிறாய் என்று போட்டோ அனுப்பச் சொல்கிறவரும் இந்தக் கட்டுரையைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைப்புக்கு மறுக்க இடம் உண்டு. மறுத்தால் மனம் சுருங்கும், தண்டனை வராது. தண்டனை வருமென்றால் அது கட்டளை. அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனித்துப் பதில் சொன்னால் சரியாகும் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். அவருக்குத் தேவைப்படுவது 181 என்ற பெண்கள் உதவி எண்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மிச்சம் இருக்கிறது.

"ஒண்ணுமில்லையே" என்று அவள் சொன்ன பிறகு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைபேசியை உள்ளறையில் சார்ஜில் போட்டிருந்தேன். "நாலு மாடியும் ஏறியா வந்த? முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன். லிஃப்ட்டைப் பற்றி அவள் சொல்லி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"முட்டிக்கென்ன, அது எப்பவும் வலிக்கிறதுதான்" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். நானும் எதுவும் பேசவில்லை. பிறகு, "அந்த ரயில்வே தாத்தா இல்லைங்க..." என்று ஆரம்பித்தாள்.

மாதம் பிறந்தால் ஒரு வயதான தம்பதி பென்ஷன் எடுக்க அவள் கவுன்ட்டருக்கு வருவார்களாம். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சலானை அவர்தான் நிரப்புவார், பாட்டி ஒயர்கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அன்று சர்வர் வேலை செய்யாத அந்த இரண்டு மணி நேரமும் பாட்டி மட்டும் வரிசையில் நின்றிருக்கிறார். முறை வந்ததும், "என்னம்மா, ஐயா வரலீங்களா?" என்று இவள் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். பாட்டி ஒயர்கூடைக்குள் கையைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் மடித்துவைத்திருந்த இறப்புச் சான்றிதழை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்திருக்கிறார். பென்ஷனைக் குடும்ப ஓய்வூதியமாகத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வந்திருக்கிறார்.

"சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டேங்க" என்றாள் என் மனைவி. அதையே இரண்டு முறை சொன்னாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் வாயில் இருந்தது இதுதான். முதலில் லிஃப்ட்டை அனுப்பிப் பார்த்தாள். அடுத்து சர்வரை அனுப்பிப் பார்த்தாள். இரண்டும் திரும்பி வந்துவிட்டதால் மூன்றாவதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அன்று நான் கேட்காமல் படுக்கப் போயிருந்தால், அந்தப் பாட்டியைப் பற்றி எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவள் அன்று எதைச் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறினாள் என்பதும் தெரிந்திருக்காது.

அடுத்த மாதம் ஒரு நாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் குரல் வந்தது: "ஏங்க, அந்தப் பாட்டிக்கு பென்ஷன் மாறிடுச்சு. இன்னைக்கு வந்து வாங்கிட்டுப் போனாங்க. சலானை நானே எழுதிக் கொடுத்தேன்."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.